சம்பட அடுக்கைப் பிரிப்போம்: ஃபேக்ட் ஷீட் பட்டைகளுக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு

நிஃப்டி 50 குறியீடு 2023 மார்ச் 31 அன்று 17,359.75 புள்ளிகளில் முடிந்தது. மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்கள் மாதந்தோறும் வெளியிடும் ஃபேக்ட் ஷீட்டில் வருவதைப் போல, அந்தத் தேதிக்கு நிஃப்டியின் வருமானத்தைப் பட்டைகளாக வரைந்தால் பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். ஓர் ஆண்டுப் பட்டை கோட்டுக்குக் கீழே லேசாகத் தொங்கும்: மைனஸ் 0.6 சதவிகிதம். அதன் பக்கத்தில் மூன்று ஆண்டுப் பட்டை 26.4 சதவிகிதத்துக்கு நெடுநெடுவென நிற்கும். அதற்கு அடுத்த ஐந்து ஆண்டுப் பட்டை 11.4 சதவிகிதத்தில் நின்றுவிடும்.

குறியீடு ஒன்றுதான், பங்குகளும் அதே 50 நிறுவனங்கள் வகைதான். ஆனாலும் ஒரு பட்டையைப் பார்த்தவர் ‘நஷ்டம்’ என்பார். இன்னொன்றைப் பார்த்தவர் ‘வங்கி டெபாசிட்டைப் போல நாலு மடங்கு’ என்பார். மூன்றாமவர் ‘பரவாயில்லை’ என்று தலையாட்டுவார். மூன்று பேரும் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பட்டையும் எங்கே தொடங்குகிறது என்பதைத்தான் யாரும் பார்க்கவில்லை.

இன்று பெரும்பாலான முதலீட்டாளர்கள் ஃபண்ட் தேர்ந்தெடுப்பது இந்தப் பட்டைகளைப் பார்த்துத்தான். ஃபண்டின் பட்டை ஒரு நிறம், பெஞ்ச்மார்க் எனப்படும் ஒப்பீட்டுக் குறியீட்டின் பட்டை இன்னொரு நிறம். ஃபண்டின் பட்டை எல்லா இடத்திலும் உயரமாக இருந்தால் நல்ல ஃபண்ட் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த முடிவு எங்கே சறுக்கும், சறுக்காமல் இருக்க மொபைல் கால்குலேட்டரில் என்ன வகுத்தல் போட வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

‘ஆண்டுக்கு 26.4’ என்றால் என்ன?

முதலில் அந்த எண்ணின் பொருளைப் பார்த்துவிடலாம். மூன்று ஆண்டு வருமானம் 26.4 சதவிகிதம் என்று போட்டிருந்தால், அது மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்த மொத்த லாபம் கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் அவ்வளவு வந்தது என்றும் பொருளில்லை. தொடக்க நாளில் போட்ட பணம் கடைசி நாளில் எவ்வளவு ஆகியிருக்கிறது என்று பார்த்து, ஆண்டுதோறும் ஒரே வேகத்தில் கூட்டு வட்டியாக வளர்ந்திருந்தால் அந்த வேகம் என்னவாக இருக்கும் என்று கணக்கிட்டுச் சொல்கிறார்கள். இதைத்தான் சி.ஏ.ஜி.ஆர். என்கிறார்கள்.

2020 மார்ச் 31 அன்று நிஃப்டி 8,597.75. மூன்று ஆண்டு கழித்து 17,359.75. அதாவது, 10,000 ரூபாய் 20,191 ரூபாய் ஆகியிருக்கிறது. ஆண்டுக்கு 26.4 சதவிகிதக் கூட்டு வளர்ச்சி இருந்தால்தான் மூன்று ஆண்டில் அந்தத் தொகை வரும். உண்மையில் நடந்ததோ வேறு. முதல் ஆண்டில் 70.9 சதவிகிதம் ஏற்றம், இரண்டாம் ஆண்டில் 18.9 சதவிகிதம் ஏற்றம், மூன்றாம் ஆண்டில் 0.6 சதவிகிதம் இறக்கம். 26.4 சதவிகிதம் என்ற வருமானத்தை எந்த ஆண்டிலும் யாரும் பார்க்கவில்லை.

அந்த 70.9 எங்கிருந்து வந்தது? கொரோனா அச்சத்தில் 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் நிஃப்டி ஏறத்தாழ 13 சதவிகிதம் சரிந்து 7,610-இல் முடிந்தது. மறுநாள் நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. அந்த மாதத்தின் கடைசி நாள், சந்தை இன்னும் பள்ளத்தில் கிடந்த நாள். 2023 மார்ச் மாதத்து மூன்று ஆண்டுக் கணக்கு அந்தப் பள்ளத்தில் கால் வைத்துத்தான் ஏறத் தொடங்குகிறது. ஐந்து ஆண்டுக் கணக்கோ 2018 மார்ச்சில், பள்ளத்துக்கு முந்தைய மேட்டில் தொடங்கி, பள்ளத்தில் இறங்கி, பிறகு ஏறியிருக்கிறது.

இதே குறியீட்டின் ஐந்து ஆண்டுப் பட்டையை அடுத்தடுத்த இரண்டு மார்ச் மாதங்களில் பார்த்தால் விஷயம் இன்னும் பளிச்சென்று தெரியும். 2015 மார்ச் கடைசியில் போட்ட 10,000 ரூபாய், 2020 மார்ச் 31 அன்று வெறும் 10,126 ரூபாய். ஆண்டுக்குக் கால் சதவிகிதம். சேமிப்புக் கணக்கில் வைத்திருந்தால்கூட அதைவிட நன்றாக இருந்திருக்கும். 2016 மார்ச் கடைசியில் போட்ட 10,000 ரூபாய், 2021 மார்ச் 31 அன்று 18,984 ரூபாய். ஆண்டுக்கு 13.7 சதவிகிதம். இரண்டு ஐந்தாண்டுகளிலும் நான்கு ஆண்டுகள் பொதுவானவை. ஓர் ஆண்டு வெளியே போனதும் ஓர் ஆண்டு உள்ளே வந்ததும்தான் வித்தியாசம்.

மேலே சொன்னவை டிவிடெண்ட் சேராத, வெறும் புள்ளிக் கணக்கு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபேக்ட் ஷீட்டில் டிவிடெண்டையும் சேர்த்த எண்கள் வரும். ஏன் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

ஒன்றுக்குள் ஒன்று

பாத்திரக் கடையில் எவர்சில்வர் சம்பட அடுக்கு வாங்கியிருப்பீர்கள். பெரிய சம்படத்தைத் திறந்தால் உள்ளே நடுத்தரம், அதைத் திறந்தால் சிறியது. ஃபேக்ட் ஷீட்டின் பட்டைகளும் அப்படித்தான். எல்லாமே ஒரே நாளில், அதாவது அந்த மாதக் கடைசியில் முடிகின்றன. ஐந்து ஆண்டுக்குள் மூன்று ஆண்டு இருக்கிறது. மூன்று ஆண்டுக்குள் கடைசி ஓர் ஆண்டு இருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வரைந்திருப்பதால், அவை தனித்தனிப் பரீட்சைகளின் மதிப்பெண்கள் போலத் தோற்றம் தருகின்றன.

இந்தத் தோற்றம் இரண்டு விதமாக ஏமாற்றும். கடைசி ஓர் ஆண்டு பிரமாதமாக இருந்தால், அது மூன்று பட்டைகளையும் தூக்கிவிடும். ஃபண்ட் ‘எல்லாக் காலத்திலும்’ நன்றாகச் செய்தது போலத் தெரியும். எப்போதோ ஓர் ஆண்டு பிரமாதமாக இருந்தால், அது ஐந்து ஆண்டுப் பட்டையை மட்டும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்; அண்மைக்கால ஓட்டைகள் அதன் நிழலில் மறைந்துகொள்ளும்.

அடுக்கைப் பிரிக்க ஒரு சுலபமான வழி ஃபேக்ட் ஷீட்டிலேயே இருக்கிறது. வருமான அட்டவணையில் சதவிகிதங்களுக்குப் பக்கத்தில், ‘10,000 ரூபாய் போட்டிருந்தால் இன்று எவ்வளவு’ என்று ஒரு பத்தி இருக்கும். ஃபண்டுக்கும் இருக்கும், பெஞ்ச்மார்க்குக்கும் இருக்கும். செபி விதிப்படி கொடுக்கிற கணக்கு அது. பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உண்மையில் பட்டைகளைவிட அதற்குத்தான் உபயோகம் அதிகம், ஏனென்றால் ரூபாயை ரூபாயால் வகுக்க முடியும்.

2023 மார்ச் நிஃப்டி கணக்கிலேயே இதைப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து ஆண்டுக்கு முன் போட்ட 10,000 ரூபாய் 17,165 ஆகியிருக்கிறது. மூன்று ஆண்டுக்கு முன் போட்ட 10,000 ரூபாய் 20,191 ஆகியிருக்கிறது. முன்னதாகப் போட்டவருக்குக் குறைவாகவும் பின்னால் போட்டவருக்கு அதிகமாகவும் வந்திருக்கிறது என்றாலே, இடையில் ஏதோ நடந்திருக்கிறது என்று புரிந்துவிடும். 17,165-ஐ 20,191-ஆல் வகுத்தால் 0.85. அதாவது, ஐந்து ஆண்டுகளில் முதல் இரண்டு ஆண்டுகளில் 10,000 ரூபாய் 8,500 ஆகத் தேய்ந்திருக்கிறது. 15 சதவிகித நஷ்டம். எந்தப் பட்டையிலும் வரையப்படாத இந்த எண், இரண்டு பட்டைகளுக்கு நடுவே ஒளிந்திருந்தது.

ஒரு ஃபண்டைப் பிரித்துப் பார்ப்போம்

இப்போது பெஞ்ச்மார்க்கோடு ஒப்பிடும் கணக்குக்கு வரலாம். விளக்கத்துக்காக ஒரு கற்பனை ஃபண்டை எடுத்துக்கொள்வோம். அதன் ஃபேக்ட் ஷீட்டில் இப்படி ஓர் அட்டவணை இருக்கிறது:

| காலம் | ஃபண்ட் | பெஞ்ச்மார்க் | ரூ.10,000: ஃபண்ட் | ரூ.10,000: பெஞ்ச்மார்க் |
|---|---|---|---|---|
| 1 ஆண்டு | 11.0% | 12.0% | 11,100 | 11,200 |
| 3 ஆண்டு | 11.0% | 12.0% | 13,672 | 14,045 |
| 5 ஆண்டு | 14.6% | 11.6% | 19,729 | 17,303 |

பார்த்தவுடன் என்ன தோன்றும்? ‘ஓர் ஆண்டிலும் மூன்று ஆண்டிலும் ஒரு சதவிகிதம் பின்தங்கியிருக்கிறது, பெரிய விஷயமில்லை. ஐந்து ஆண்டில் மூன்று சதவிகிதம் முந்தியிருக்கிறதே! பங்குச் சந்தை என்றால் நீண்ட காலத்தைத்தானே பார்க்க வேண்டும்’ என்று தோன்றும். விற்பவரும் அநேகமாக இதைத்தான் சொல்வார்.

கால்குலேட்டரை எடுப்போம். முதலில் ஐந்து ஆண்டுத் தொகையை மூன்று ஆண்டுத் தொகையால் வகுக்க வேண்டும். ஃபண்டுக்கு 19,729-ஐ 13,672-ஆல் வகுத்தால் 1.443. பெஞ்ச்மார்க்குக்கு 17,303-ஐ 14,045-ஆல் வகுத்தால் 1.232. ஆக, ஐந்து ஆண்டுகளில் முதல் இரண்டு ஆண்டுகளில் ஃபண்ட் 44.3 சதவிகிதம் வளர்ந்திருக்கிறது, பெஞ்ச்மார்க் 23.2 சதவிகிதம்தான். அபாரமான முந்தல்.

அடுத்து, மூன்று ஆண்டுத் தொகையை ஓர் ஆண்டுத் தொகையால் வகுக்க வேண்டும். ஃபண்டுக்கு 13,672-ஐ 11,100-ஆல் வகுத்தால் 1.232. பெஞ்ச்மார்க்குக்கு 14,045-ஐ 11,200-ஆல் வகுத்தால் 1.254. நடு இரண்டு ஆண்டுகளில் ஃபண்ட் 23.2 சதவிகிதம், பெஞ்ச்மார்க் 25.4 சதவிகிதம். ஃபண்ட் பின்னால். கடைசி ஓர் ஆண்டைப் பிரிக்கத் தேவையில்லை, அட்டவணையிலேயே இருக்கிறது: 11-க்கு 12. அங்கேயும் ஃபண்ட் பின்னால்.

அடுக்கு பிரிந்துவிட்டது. ஐந்து ஆண்டுப் பட்டையின் மூன்று சதவிகித முந்தல் முழுக்க முழுக்க முதல் இரண்டு ஆண்டுகளின் சம்பாத்தியம். அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகளாக இந்த ஃபண்ட் தன் பெஞ்ச்மார்க்கைவிடக் குறைவாகத்தான் தந்துகொண்டிருக்கிறது. ‘நீண்ட காலத்தில் நன்றாகச் செய்யும், குறுகிய காலத்தில் கொஞ்சம் பின்தங்கும்’ என்ற பேச்சுக்கு இந்த எண்களில் ஆதாரம் இல்லை. ‘முன்பு நன்றாகச் செய்தது, பிறகு செய்யவில்லை’ என்பதற்குத்தான் ஆதாரம் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு ஃபண்டுகள்.

இந்த இடத்தில் ஃபேக்ட் ஷீட்டின் அதே பக்கத்தில் இன்னொரு சின்னப் பெட்டியைப் பார்க்க வேண்டும். ஃபண்ட் மேனேஜர் யார், எப்போதிலிருந்து இந்த ஃபண்டைப் பார்த்துக்கொள்கிறார் என்று அதில் இருக்கும். மேற்படி ஃபண்டில் இப்போதைய மேனேஜர் வந்து இரண்டே முக்கால் ஆண்டு ஆகிறது என்றால், பட்டையில் மின்னும் 44 சதவிகிதம் அவருடையது இல்லை. அதைச் சம்பாதித்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். பிரித்துப் பார்க்காதவருக்கு இந்தத் தேதி வெறும் தேதி. பிரித்தவருக்கு அதுதான் பாதி விடை.

பக்கத்துப் பட்டை யாருடையது?

ஃபண்டின் பட்டையைப் பிரித்தாயிற்று. அதோடு ஒப்பிடப்படும் பட்டையையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

பங்குகளில் முதலீடு செய்யும் ஃபண்டின் ஃபேக்ட் ஷீட்டில் பொதுவாக இரண்டு ஒப்பீடுகள் இருக்கும். ஒன்று அந்த ஃபண்டின் வகைக்குரிய பெஞ்ச்மார்க். மற்றொன்று அடிஷனல் பெஞ்ச்மார்க் என்ற பெயரில் நிஃப்டி 50 அல்லது சென்செக்ஸ். மிட்கேப் ஃபண்டாக இருந்தால் முதலாவது நிஃப்டி மிட்கேப் 150 போன்ற ஒன்றாக இருக்கும். இந்த இரண்டும் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன.

ஒரு மிட்கேப் ஃபண்ட் ஆண்டுக்கு 20 சதவிகிதம் தந்திருக்கிறது, மிட்கேப் குறியீடு 22, நிஃப்டி 50 14 என்று வைத்துக்கொள்வோம். ‘நிஃப்டியைவிட ஆறு சதவிகிதம் அதிகம்’ என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆறுக்குக் காரணம் மேனேஜர் இல்லை. அந்தக் காலத்தில் நடுத்தர நிறுவனங்களின் பங்குகள் எல்லாமே ஓடின. கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குறியீட்டை வாங்கியிருந்தால் நிஃப்டியைவிட எட்டு சதவிகிதம் கூடுதலாக வந்திருக்கும். மேனேஜர் பங்குகளைப் பொறுக்கி எடுத்த வேலையின் பலன், அந்த எட்டில் இரண்டைக் குறைத்ததுதான். ஃபண்டுக்கும் அதன் வகைப் பெஞ்ச்மார்க்குக்கும் உள்ள இடைவெளி மேனேஜரின் கணக்கு. இரண்டு பெஞ்ச்மார்க்குகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி, அந்த வகையைத் தேர்ந்தெடுத்த முதலீட்டாளரின் கணக்கு. விளம்பரத்தில் எந்தப் பட்டையைப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று பார்ப்பது அதனால்தான் அவசியம்.

பெஞ்ச்மார்க்கின் பெயருக்குப் பின்னால் டி.ஆர்.ஐ. என்று மூன்று எழுத்துகள் இருக்கும். டோட்டல் ரிட்டர்ன் இண்டெக்ஸ் என்பதன் சுருக்கம். குறியீட்டில் உள்ள நிறுவனங்கள் தரும் டிவிடெண்டையும் மறுபடி அதே பங்குகளில் போட்டதாக வைத்துக்கொண்டு கணக்கிடும் குறியீடு இது. தொலைக்காட்சியில் ஓடும் நிஃப்டி எண்ணில் டிவிடெண்ட் சேராது. ஃபண்டுக்கு வரும் டிவிடெண்டோ அதன் என்.ஏ.வி.-யில் சேர்ந்துவிடும். டிவிடெண்ட் வாங்கிய ஃபண்டை, டிவிடெண்ட் வாங்காத குறியீட்டோடு ஓட விட்டால் ஃபண்டுக்கு ஆண்டுதோறும் சில அடிகள் முன்னால் கோடு போட்டுக் கொடுத்த மாதிரி. நிஃப்டி 50-ஐப் பொறுத்தவரை அந்த இலவச முந்தல் ஆண்டுக்கு ஒரு சதவிகிதத்துக்குச் சற்று மேல். கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த மைனஸ் 0.6 சதவிகிதமே, டிவிடெண்டைச் சேர்த்தால் சின்ன லாபமாக மாறிவிடும்.

வெகுகாலம் இந்தச் சலுகை நடைமுறையில் இருந்தது. 2018 ஜனவரியில் செபி சுற்றறிக்கை அனுப்பி, அந்த ஆண்டு பிப்ரவரி 1 முதல் டி.ஆர்.ஐ.-யோடுதான் ஒப்பிட வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆகவே அதற்கு முந்தைய பழைய ஃபேக்ட் ஷீட் ஏதாவது கையில் கிடைத்தால், அதில் ஃபண்ட் ஒன்றரை சதவிகிதம் முந்தியிருப்பதாகத் தெரிந்தாலும் அதில் பெரும்பகுதி டிவிடெண்டாகவே இருக்கலாம்.

நியாயத்துக்கு இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். குறியீட்டுக்குச் செலவு கிடையாது. ஃபண்டின் என்.ஏ.வி. நிர்வாகச் செலவு கழித்த பிறகு வருவது. அதனால் அரை சதவிகிதம் பின்தங்கிய ஃபண்டில் மேனேஜர் தவறு செய்தார் என்று சொல்லிவிட முடியாது, செலவு தின்றிருக்கலாம். ரெகுலர் பிளானில் விநியோகஸ்தருக்கான கமிஷனும் சேர்வதால், ஒரே ஃபண்டின் ரெகுலர் பிளான் பட்டை டைரக்ட் பிளான் பட்டையைவிடக் குட்டையாக இருக்கும். வரைபடம் எந்தப் பிளானுக்கு என்பது கீழே சிறு எழுத்தில் இருக்கும். டைரக்டில் பணம் போட்டவர் ரெகுலரின் பட்டையைப் பார்த்து வருத்தப்பட வேண்டியதில்லை. ரெகுலரில் போட்டவர் டைரக்டின் பட்டையைப் பார்த்துப் பூரிக்கவும் கூடாது.

‘தொடக்கம் முதல்’ என்ற கடைசிப் பட்டை

அட்டவணையின் கடைசி வரியில் ஃபண்ட் தொடங்கிய நாள் முதல் இன்றுவரையான வருமானம் இருக்கும். அடுக்கில் ஆகப் பெரிய சம்படம் இதுதான், ஆகவே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிவதும் இதில்தான் ஆகக் குறைவு.

இரண்டு ஃபண்டுகளை இந்த வரியை வைத்து ஒப்பிடவே கூடாது. 2020 ஏப்ரலில் தொடங்கிய ஃபண்ட் பள்ளத்திலிருந்து ஏறியது. 2018 ஜனவரியில் தொடங்கியது மேட்டிலிருந்து இறங்கி ஏறியது. பிறந்த தேதியைத் தவிர அந்த வித்தியாசத்துக்கு வேறு காரணம் தேவையில்லை. பழைய ஃபண்டுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2017 அக்டோபரில் செபி ஃபண்ட் வகைகளை வரையறுத்து உத்தரவிட்டபோது, பல ஃபண்டுகள் தங்கள் பெயரையும் முதலீட்டு முறையையும் மாற்றிக்கொண்டன, சில வேறு ஃபண்டுகளோடு இணைந்தன. எல்லா வகைப் பங்குகளையும் வாங்கிக்கொண்டிருந்த ஃபண்ட் ஒன்று 2018 முதல் பெரிய நிறுவனங்களை மட்டும் வாங்கலாம். அதன் ‘தொடக்கம் முதல்’ பட்டையில் இரண்டு வேலைகளின் பலனும் கலந்திருக்கும்.

அடிக்குறிப்பையும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது. ஃபண்ட் தொடங்கிய காலத்துக்கு டி.ஆர்.ஐ. கணக்கே கிடைக்காதபோது, குறிப்பிட்ட தேதிவரை டிவிடெண்ட் சேராத குறியீட்டையும் அதற்குப் பிறகு டி.ஆர்.ஐ.-யையும் ஒட்டுப் போட்டிருப்பதாக அங்கே எழுதியிருப்பார்கள். பெஞ்ச்மார்க்கை நடுவில் மாற்றியிருந்தால் அதுவும் அங்கேதான் இருக்கும்.

ஒரே முடிவுத் தேதியிலிருந்து தப்பிக்க

வகுத்துப் பிரிப்பதால் ஐந்து ஆண்டை மூன்று துண்டுகளாக்கலாம். அதற்கு மேல் ஒற்றை ஃபேக்ட் ஷீட்டால் முடியாது. ஒவ்வோர் ஆண்டையும் தனித்தனியாகப் பார்க்க, அதே ஃபண்டின் பழைய ஃபேக்ட் ஷீட்டுகளை எடுக்க வேண்டும். ஃபண்ட் நிறுவனங்களின் இணையதளங்களில் பழைய மாதங்களுக்கு உரியவையும் பொதுவாகக் கிடைக்கும். ஐந்து ஆண்டுகளின் மார்ச் மாத ஃபேக்ட் ஷீட்டுகளை இறக்கி, ஒவ்வொன்றிலும் ‘1 ஆண்டு’ வரியை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டால் போதும். ஃபண்டுக்கு ஓர் எண், பெஞ்ச்மார்க்குக்கு ஓர் எண், ஐந்து ஜோடிகள். இவை ஒன்றுக்குள் ஒன்று இல்லாத, தனித்தனி ஆண்டுகள்.

நம் கற்பனை ஃபண்டுக்கு அப்படி எழுதினால் தாளில் இது இருக்கும். முதல் ஆண்டு ஃபண்ட் 30, பெஞ்ச்மார்க் 10. அடுத்து 11-க்கு 12. பிறகு 13-க்கு 14. அதற்குப் பின் 9-க்கு 10. கடைசியாக 11-க்கு 12. வகுத்துப் பிரித்தபோது முதல் இரண்டு ஆண்டுகளும் நன்றாக இருந்தது போலத் தெரிந்தது. தாளில் எழுதியபோது, அதிலும் ஓர் ஆண்டுதான் நல்ல ஆண்டு என்று தெரிகிறது. ஐந்தில் நான்கு ஆண்டுகள் தோற்ற ஃபண்ட், ஐந்து ஆண்டுப் பட்டையில் மூன்று சதவிகிதம் ஜெயித்து நிற்கிறது.

இதற்கு நேரெதிரான ஃபண்டும் இருக்கும். நான்கு ஆண்டுகள் ஒன்றிரண்டு சதவிகிதம் முந்தி, ஒரே ஆண்டில் பெரிதாகச் சறுக்கி, ஐந்து ஆண்டுப் பட்டையில் தோற்றதாகத் தெரியும். அதையும் இந்தத் தாள்தான் காட்டிக்கொடுக்கும்.

இப்படி எழுதும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. ஓர் ஆண்டுக்குக் குறைந்த காலத்தின் எண்களைச் சேர்க்கக் கூடாது. ஆறு மாதத்தில் 8 சதவிகிதம் என்பதை ஆண்டுக்கு 16 என்று மனக்கணக்குப் போடுவது பங்கு ஃபண்டுகளில் பொருளற்றது. எஸ்.ஐ.பி. வருமான அட்டவணையையும் இதோடு கலக்கக் கூடாது. மாதாமாதம் போட்ட ஒவ்வொரு தவணையும் வெவ்வேறு காலம் உள்ளே இருந்திருப்பதால் அதன் சதவிகிதம் வேறு முறையில் வருவது. எஸ்.ஐ.பி.-யின் 15-ஐயும் மொத்த முதலீட்டின் 13-ஐயும் பக்கத்தில் வைத்து எது மேல் என்று கேட்க முடியாது.

கடைசியாக அந்தக் கற்பனை ஃபண்டுக்கே திரும்பலாம். இன்னும் ஓர் ஆண்டு போகட்டும். புது ஆண்டிலும் வழக்கம்போல ஃபண்ட் 11, பெஞ்ச்மார்க் 12 என்று வைத்துக்கொள்வோம். ஃபண்ட் புதிதாக எந்தத் தவறும் செய்யவில்லை, முந்தைய நான்கு ஆண்டுகளைப் போலவேதான் நடந்துகொண்டது. ஆனால் அந்தப் பழைய 30 சதவிகித ஆண்டு ஐந்தாண்டு வட்டத்தைவிட்டு வெளியே போய்விட்டது. புதிய ஃபேக்ட் ஷீட்டில் ஐந்து ஆண்டு வரி இப்படி இருக்கும்: ஃபண்ட் 11.0 சதவிகிதம், பெஞ்ச்மார்க் 12.0 சதவிகிதம்.